நியூட்ரலில் இறங்கிய லாரி

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. காத்து அந்தப் பக்கம் அடிக்குது, என் குரல் எட்டாமல் போய்விடும். இன்றைக்கு ஒரு லாரிக் கதை சொல்கிறேன். லாரி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இதில் ஒரு நாய்க்குட்டியும் வருகிறது.

அதியமான்கோட்டையில் பெரிய ரோட்டை ஒட்டி, புளிய மரத்துக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் பானுமதியின் பிரேக் பட்டறை இருக்கிறது. லாரிச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் தேய்ந்த பிரேக் கட்டையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கட்டை வைத்து, ஆணி அடித்து இறுக்கிக் கொடுக்கும் வேலை. அவள் வூட்டுக்காரர் வீரமணி சக்கரம் கழற்றுவார். ஆணி அடிப்பது பானுமதி. நாற்பத்தாறு வயதில், முழங்கை வரை கருப்புப் பொடி அப்பிக்கொண்டு, பதினெட்டு மாநிலத்து டிரைவர்களையும் அதட்டி வேலை வாங்குவாள்.

அவளுக்கு இங்கிலீசு வரும். பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாலு வருசம் சுங்கச்சாவடிக் கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தாள். கார்க்காரர்கள் கண்ணாடியை இரண்டே விரல்கடை இறக்குவார்கள்; அந்த இடுக்கு வழியாக வந்து விழுந்த இங்கிலீசு முழுவதையும் பொறுக்கி வைத்துக்கொண்டாள். அதில் பாதி திட்டு. மீதிப் பாதி போதும், ஒரு மனிதருக்கு ஒரு விசயத்தைப் புரியவைக்க. அந்த நாலு வருசத்தில் இங்கிலீசோடு இன்னொன்றும் அவளுக்குள் இறங்கியது. இரண்டு விரல்கடை கண்ணாடி இறக்குகிற ஆட்கள் மேல் ஓர் இளக்காரம். அது இன்று வரை கரையவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பட்டறை வாசலில் ஒரு லாரி நின்றது. இடது பக்க முகப்பு அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. முந்தின நாள் பகலில், இருபத்தைந்து டன் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. ஓட்டியவன் சின்னன், சித்தேரி மலைக்காரன். முன்னால் ஒரு பேருந்து நிறைய ஜனம் போவதைப் பார்த்து, லாரியை இடது பக்க மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். டைல்ஸ் உடைந்தது. அவன் மணிக்கட்டு உடைந்தது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. பன்னிரண்டு நாள் முன்னால் அந்த லாரிக்குக் கட்டை மாற்றியது பானுமதிதான் என்பதால், கிரேன்காரன் கட்டி இழுத்து வந்து அவள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

லாரிக்காரம்மா பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னார்கள். அதற்கு முன்னால், கையில் மாவுக்கட்டோடு சின்னன் வந்து பானுமதி பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, கேட்டா கட்டை பழுதுன்னு சொல்லிடுங்க. இல்ல, ஏதோ தெரியலன்னு சொல்லிடுங்க. நியூட்ரல்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பானுமதி சுத்தியலைக் கீழே வைத்தாள். "மேலேர்ந்து கீழ வரைக்கும் நியூட்ரல்லயா வந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கணவாயில் பத்தடிக்கு ஒரு பலகை, நியூட்ரலில் ஓட்டாதே என்று அஞ்சு மொழியில் எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள். எல்லா டிரைவருக்கும் அது மனப்பாடம். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கியரை விடுவித்துவிட்டு இறங்குவார்கள். இறக்கத்தில் வண்டி தானாக ஓடும், டீசல் மிச்சம் என்பது தாத்தன் காலத்துக் கணக்கு.

ஆனால் சின்னன் தாத்தன் கணக்குக்காக அப்படிச் செய்யவில்லை. லாரிக்காரம்மா திங்கட்கிழமைதோறும் வாட்ஸப் குழுவில் ஒரு படம் அனுப்புவாள். நாலு லாரி, நாலு டிரைவர், யார் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று. மேலே இருப்பவன் பேருக்குப் பச்சை, கீழே இருப்பவன் பேருக்குச் சிவப்பு. மூன்று தடவை சிவப்பு வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டு பேர் அப்படிப் போயும் விட்டார்கள். சின்னனுக்கு இரண்டு சிவப்பு ஆகியிருந்தது. இப்போது அவனுடைய லைசென்ஸை மேனேஜர் வாங்கி அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டான். வந்து பார்த்து, டிரைவர் தப்பு என்று தெரிந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போய், லைசென்ஸையும் கொடுத்துப் புகாரும் எழுதிவிட்டுத்தான் திரும்புவாளாம். லைசென்ஸ் போனால் சின்னனுக்கு மலைமேல் ஒன்றரை ஏக்கர் சாமைக்காடு மட்டும்தான். அது நாலு வாய்க்கு மூணு மாசம் காணாது.

"பொய் சொன்னா நாளைக்கு இன்னொருத்தன் அதே எடத்துல போய் முட்டுவான். மண்ணு மேடு எல்லாருக்கும் எதிர்ல வராது," என்றாள் பானுமதி.

"அப்ப என் பொழப்பு?"

"நியூட்ரல்னு சொல்லுவேன். சொல்லிட்டு அதோட நிறுத்த மாட்டேன். போ, நெழல்ல உக்காரு."

பத்தரை மணிக்கு லாரிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலிருந்து மாதவராஜ் என்கிற இன்ஜினியர் வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். காரிமங்கலத்துப் பையன். அவன் அப்பன் சந்தையில் தக்காளி கூவி விற்ற குரல் ஊர் எல்லை வரைக்கும் கேட்கும். மகனோ பானுமதியிடம் தண்ணீர் கேட்பதைக்கூட இங்கிலீசில் கேட்டான். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியவில்லை, சட்டை அழுக்காகும். வீரமணி கழற்றி வைத்த கட்டைகளைத் தள்ளி நின்று நாலு போட்டோ எடுத்தான். அதற்குள் ரிப்போர்ட் தயார்.

பதினொன்றுக்கு வெள்ளைக் கார் வந்தது. லாரிக்காரம்மா பேர் சுசித்ரா. பிறந்தது வடக்கே, இருப்பது பெங்களூரில். கம்ப்யூட்டர் வேலையில் சம்பாதித்து, சும்மா கிடக்கிற பணம் ஓடட்டும் என்று நாலு லாரி வாங்கிவிட்டிருக்கிறாள். லாரியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்று மேனேஜரே சொல்லிச் சிரித்திருக்கிறான். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. இந்தியில் பேசலாம் என்றால் பானுமதிக்குத் தெரிந்த இந்தி அம்பது வார்த்தை. அதில் நாற்பதை மரியாதையான இடத்தில் சொல்ல முடியாது. ஆகவே இங்கிலீசு.

காரை நிறுத்தியவள் இறங்கவில்லை. இன்ஜினை அணைக்கவும் இல்லை. பின் சீட்டில் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு நாய்க்குட்டி இருந்தது. அதற்குக் குளிர்காற்று நிற்கக்கூடாது. கண்ணாடி இறங்கியது. பானுமதி அளந்து பார்த்துக்கொண்டாள். சரியாக இரண்டு விரல்கடை.

மாதவராஜ் ஓடிப்போய் அந்த இடுக்குக்கு நேராகக் குனிந்து ரிப்போர்ட்டைப் படித்தான். தெர்மல் ஃபேட் என்றான். ஃப்ரிக்ஷன் மெட்டீரியல் டிக்ரடேஷன் என்றான். கோஎஃபிஷியன்ட் என்று என்னமோ சொன்னான். அப்யூசிவ் ஆபரேஷன் என்று முடித்தான். அவ்வளவும் சரிதான், ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் மளிகைக் கடையில் புளி கேட்டவளுக்குப் புளிய மரத்தின் தாவரப் பெயரைச் சொல்லி அனுப்பினது போல் இருந்தது. சுசித்ரா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, தனக்குப் புரிந்தது என்று காட்டிக்கொள்ள ஒன்று சொன்னாள். அப்படியானால் மெட்டீரியல் மட்டம், டிரைவரும் மட்டம், அவ்வளவுதானே என்றாள். மாதவராஜ் பட்டும் படாமல், பாஸிப்ளி மேடம் என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவன் படிப்பில் இடமில்லை, தெரிந்ததை விளக்கவும் இடமில்லை.

பிறகு அவள் பானுமதியைப் பார்த்தாள். முழுக்க இல்லை, கைகளை மட்டும். ஒரே வரியில் சொல், உன் கட்டை மட்டமா, டிரைவர் மட்டமா, என்று கேட்டாள். தனக்கு ஒரு மணிக்கு மீட்டிங் இருக்கிறதாம். போலீஸ் ஸ்டேசன் எந்தப் பக்கம் என்றும் கேட்டாள்.

பானுமதிக்கு வாய் வரை வந்த பதில் வேறு. அதை விழுங்கிவிட்டு, "மேடம், ப்ளீஸ் கம் டவுன். ஒன் லைன், ஐ கேனாட். ஃபைவ் மினிட், ஐ கேன்," என்றாள்.

சுசித்ரா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். மரத்தடியில் மாவுக்கட்டோடு எழுந்து நின்ற சின்னனைத் தாண்டித்தான் வந்தாள். ஏதோ கம்பத்தைத் தாண்டுவது போல் வந்தாள்.

பானுமதி இரண்டு கட்டைகளை எடுத்து அவள் இரண்டு கையிலும் வைத்தாள். கருப்பாகும் என்று அவள் விரலைச் சுருக்கினாள். பானுமதி கண்டுகொள்ளவில்லை. இடது கையில் இருப்பது சின்னன் லாரியில் இருந்தது. வலது கையில் இருப்பது அதே நாளில், அதே பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளூர்க் கல் லாரி ஒன்றுக்குப் போட்டது. அதுவும் தினம் அதே கணவாயில் இறங்குகிறது. இன்று காலையில்தான் கிரீஸ் வைக்க வந்து நிற்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன், தடவிப் பாருங்கள் என்றாள்.

சுசித்ரா தடவினாள். வலது கைக் கட்டை சொரசொரவென்று இருந்தது. இடது கைக் கட்டை கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது, ஓரத்தில் வெடித்திருந்தது. தீய்ந்த வாடை வந்தது.

இரண்டு உள்ளங்கையையும் தேயுங்கள், வேகமாக, என்றாள் பானுமதி. அவளும் தேய்த்துக் காட்டினாள். சூடு வருகிறதல்லவா. பிரேக் என்பது அவ்வளவுதான். கட்டை போய்ச் சக்கரத்து இரும்பு உருளையைத் தேய்க்கிறது, வேகம் சூடாக மாறுகிறது. கொஞ்சம் தேய்த்துவிட்டு ஆறவிட்டால் ஒன்றும் ஆகாது. இருபத்தைந்து டன்னை வைத்துக்கொண்டு, மலை இறக்கம் முழுக்க விடாமல் தேய்த்தால் கட்டை வெந்து கண்ணாடியாகிவிடும். கண்ணாடியால் எதையும் பிடிக்க முடியாது. உருளையும் சூட்டில் விரிந்து கட்டையை விட்டு விலகிப் போகும். அப்புறம் ஏறி நின்று மிதித்தாலும் வண்டி நிற்காது.

"திஸ் ஒன், சேம் பாக்ஸ், சேம் ஹில், குட். தட் ஒன், பர்ன்ட். ஸோ, நாட் மெட்டீரியல், மேடம்."

சுசித்ராவின் முகத்தில் அப்பாடா என்று ஒரு வெளிச்சம் வந்தது. அப்படியானால் டிரைவர், என்றாள். போலீஸ் ஸ்டேசன் எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டுக்கொண்டே கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சின்னனுடைய லைசென்ஸ் அதற்குள்தான் இருந்தது. மரத்தடியில் அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கிலீசு தெரியாதவனுக்கும் அந்தக் கை போன இடம் புரிந்துவிட்டது.

"வெயிட் மேடம். த்ரீ மினிட் பேலன்ஸ்," என்றாள் பானுமதி.

இங்கேதான் அவளுக்குச் சிக்கல். இன்ஜின் எப்படி லாரியை இழுத்துப் பிடிக்கும் என்று இந்தப் பெண்ணுக்கு எதை வைத்துச் சொல்வது? நம்ம ஊர் ஆளாக இருந்தால், ஓடுகாலி மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டிவிடுவோமே, அதுபோல என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இவள் மாட்டைப் பால் பாக்கெட்டில்தான் பார்த்திருப்பாள். பானுமதி சுற்றுமுற்றும் பார்த்தாள். காருக்குள் பஞ்சு மூட்டை குரைத்தது.

"மேடம், யுவர் டாக். வாக்கிங் டைம், ரோப் இருக்குதா?"

சுசித்ராவின் முகம் முதல் தடவையாக மனித முகமானது. இருக்கிறது, என்றாள். அது பேர் ரோப் இல்லை, லீஷ் என்றும் திருத்தினாள்.

சரி, லீஷ். நாய் பள்ளத்தில் ஓடுகிறது. கயிறு உன் கையில் இருக்கிறது. அது இழுக்க இழுக்க நீ பின்னால் கனமாக நடக்கிறாய், நாயால் ரொம்ப வேகம் போக முடியாது. எப்போதாவது ஒரு தடவை, நில் என்று கையால் பிடித்தால் போதும். லாரி கியரில் இருக்கும்போது அந்தக் கயிறு கட்டியிருக்கிறது. சக்கரம் இன்ஜினையும் சேர்த்து இழுத்துச் சுற்றியாகவேண்டும், அது லேசான வேலை இல்லை, சக்கரம் அடங்கிவிடும். நியூட்ரல் போட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டாய். இனி நாய் ஓடும், நீ துரத்தித் துரத்தி வாலை மட்டும் பிடிக்கவேண்டும். மலை முழுக்க வாலையே பிடித்துக்கொண்டு ஓடினால் கை என்ன ஆகும்? அந்தக் கைதான் இந்தக் கட்டை.

இன்னொன்றும் சொன்னாள். லாரிப் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் காற்றுச் செலவாகும். காற்றை ஊதி நிரப்புவது இன்ஜின். நியூட்ரலில் இன்ஜின் தூங்கி வழிந்துகொண்டு ஊதும், செலவு ஓடும், வரவு நடக்கும்.

இதைக் கேட்டு மாதவராஜ் தரையைப் பார்த்தான். டேப்லெட்டில் பதினாலு பக்கத்தில் இல்லாதது நாய்க்குட்டியின் வாலில் இருந்தது.

"ஹி புட் நியூட்ரல்?" என்று சுசித்ரா கேட்டாள்.

பானுமதி சின்னனைப் பார்க்கவில்லை. "எஸ் மேடம். ஹி புட்." ஒரு மூச்சு விட்டாள். "பட் ஹூ ஸெட், புட்?"

யாரும் சொல்லவில்லையே என்றாள் சுசித்ரா. சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்றாள். தான் ஒருபோதும் யாரையும் நியூட்ரலில் ஓட்டச் சொன்னதில்லை, அது சட்டவிரோதம் என்றுகூடத் தனக்குத் தெரியும் என்றாள். அவள் சொன்னதும் பொய் இல்லை. மைலேஜ் என்று மட்டும்தான் அவள் சொல்லியிருக்கிறாள், திங்கள்தோறும், பச்சையிலும் சிவப்பிலும். அதை எப்படிக் கொண்டுவருவது என்பதை இரண்டு விரல்கடைக்கு வெளியே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பச்சை சிவப்புப் படம் எங்கிருந்து வருகிறது என்று பானுமதி கேட்டாள். சுசித்ரா பெருமையாக போனை எடுத்தாள். தன் நாலு லாரியும் எப்போது எங்கே எந்த வேகத்தில் போகிறது என்று பெங்களூரில் உட்கார்ந்தே பார்ப்பாளாம். தனக்குத் தெரியாமல் ஓர் இலை அசையாது என்றாள்.

நேற்று மதியம், கணவாய் இறக்கம், அதைக் காட்டுங்கள் என்றாள் பானுமதி. வந்தது. வேகம் அறுபத்தெட்டு என்று இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அறுநூற்றைம்பது என்று இருந்தது. அது என்ன என்று பானுமதி கேட்டாள். சுசித்ராவுக்குத் தெரியவில்லை. கட்டத்தின் தலைப்பைப் படித்துவிட்டு மாதவராஜைப் பார்த்தாள். இன்ஜின் ஒரு நிமிசத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது அது மேடம், என்று அவன் முனகினான். நிற்கிற லாரியில் சும்மா உறுமும்போதுதான் அறுநூற்றைம்பது இருக்கும். அறுபத்தெட்டு வேகத்தில் அவ்வளவு குறைவாக இருந்தால் கியர் மாட்டவில்லை என்று அர்த்தம்.

"மற்ற மூணு லாரியும் பாருங்க மேடம். சேம் ப்ளேஸ்."

அவள் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போன வாரம் பார்த்தாள், போன மாசம் பார்த்தாள். நாலு லாரியும், எல்லா நடையும், அந்த எட்டு கிலோமீட்டரும் அறுநூற்றைம்பதுதான். இத்தனை நாளும் அந்தக் கட்டம் அவள் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவள் மைலேஜ் கட்டத்தைத் தாண்டிக் கண்ணைக் கொண்டுபோனதில்லை. இலை அசைந்தது மட்டுமில்லை, மரமே சாய்ந்துகொண்டிருந்தது.

"ஒன் டிரைவர் மிஸ்டேக் மீன்ஸ், ஒன் லாரி. ஃபோர் டிரைவர் சேம் மிஸ்டேக் மீன்ஸ், யுவர் கிரீன் ரெட்," என்றாள் பானுமதி. பச்சைக்காகத்தான் பண்ணியிருக்கிறார்கள், பண்ணாத இரண்டு பேரைத்தான் நீங்கள் அனுப்பிவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

சுசித்ராவுக்கு வெட்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு வெட்கத்துக்கு முன்னால் வாதம் வரும். ஆனால் டீசல் மிச்சமாகிறதே, அது உண்மைதானே, என்றாள். கருகிய கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். மாவுக்கட்டுக்காரன் எதிரில் நிற்கும்போதே கேட்டாள். பானுமதிக்கு அப்போது இங்கிலீசில் பொறுக்கி வைத்திருந்த மற்றப் பாதி அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. வீரமணி தூரத்திலிருந்து இருமினார். அவள் நாக்கை மடக்கிக்கொண்டாள்.

"மேடம், யுவர் கார், கம். ஐ ஷோ."

காரில் ஏறினார்கள். பானுமதி உட்காரும் முன் சுசித்ரா சீட்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தாள். இருக்கட்டும். மாதவராஜ் பின்னால் நாய்க்குட்டிக்கு இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு மேம்பாலம். அதில் ஏறி உச்சிக்குப் போனதும், மூன்றாவது கியரிலேயே விட்டுவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னாள் பானுமதி. கார் அடக்கமாக இறங்கியது. முன்னால் இருக்கிற சின்னத் திரையில், இந்த நொடியில் என்ன மைலேஜ் என்று காட்டுமே, அதைப் பார்க்கச் சொன்னாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. அதற்கு மேல் அந்தத் திரைக்கு எண்ணத் தெரியாது.

சர்வீஸ் ரோட்டில் சுற்றிவந்து மறுபடி ஏறினார்கள். பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பானுமதி திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை நியூட்ரல். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. பஞ்சு மூட்டை பயந்து ஊளையிட்டது. சுசித்ரா பிரேக்கை மிதித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். அம்பத்தெட்டு. அம்பத்து நாலு. அறுபது.

பானுமதி விளக்கினாள். கியரில் வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜினுக்குப் பசி இல்லை, வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் எண்ணெயை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உறவு விட்டுப் போச்சு. இன்ஜின் செத்துப்போகாமல் இருக்க அதற்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உங்கள் லாரியும் கம்ப்யூட்டர் லாரிதான், அந்த இறக்கத்தில் அதற்கும் இதே கதைதான்.

சுசித்ரா கண்ணாடியில் மாதவராஜைப் பார்த்தாள். யெஸ் மேடம், ஃப்யூயல் கட் ஆஃப், என்றான் அவன். முன்னாடியே தெரியுமா என்றாள். தெரியும் மேடம், யாரும் கேட்கவில்லை, என்றான்.

கருகிய கட்டை சொன்னதை அவள் நம்பவில்லை. உடைந்த மணிக்கட்டு சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. திரையில் ஓர் எண் சொன்னதும் நம்பிவிட்டாள். பேருந்து நிறைய ஜனத்தைவிட நாற்பது புள்ளி அவளுக்குப் பெரிசு. போகட்டும், எந்த வாசல் வழியாக நுழைந்தால் என்ன, விசயம் உள்ளே போய்விட்டது என்று பானுமதி நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலும் இளக்காரம்தான் அதிகம்.

பட்டறைக்குத் திரும்பியதும் சுசித்ரா, இவ்வளவையும் ப்ளெயின் இங்கிலீசில் எழுதிக் கொடு என்றாள். பானுமதி கட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, பென்சிலால் அஞ்சு வரி எழுதினாள். இறங்கும்போது கியரில் இரு. கியர் பிடிக்கும், பிரேக் உதவும். நியூட்ரலில் பிரேக் தனியாகப் பிடிக்கும், வெந்துபோகும். நியூட்ரலில் டீசல் மிச்சமில்லை. கணவாய் மைலேஜைக் கணக்கில் சேர்க்காதே. கடைசி வரி டிரைவருக்கு இல்லை, லாரிக்காரம்மாவுக்கு. சுசித்ரா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அட்டையைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தாள். வைக்கப்போன இடத்தில் லைசென்ஸ் இருந்தது. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போலீஸ் ஸ்டேசன் எந்தப் பக்கம் என்று இதுவரை இரண்டு தடவை கேட்டவள், மூன்றாம் தடவை கேட்கவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி இரண்டு விரல்கடை இறங்கியது. அந்த இடுக்கு வழியாக லைசென்ஸ் மட்டும் வெளியே நீண்டது. சின்னன் நல்ல கையால் வாங்கிக்கொண்டான். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கை கூடும்வரைக்கும் சம்பளத்தோடு லீவு, அப்புறம் வேறு லாரி என்று மேனேஜரிடம் போனில் சொல்லிக்கொண்டே போனாள். பானுமதிக்கு ஒரு தேங்க்யூ கூட இல்லை.

சாயங்காலம் சின்னன் டீ வாங்கிக்கொண்டு வந்தான். வாட்ஸப் குழுவில் வந்த சேதியைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். பானுமதி படித்தாள். நன்கு ஆராய்ந்ததில் நான் கண்டறிந்த உண்மைகள் என்று தலைப்பு. கீழே அவள் பென்சிலால் எழுதின அஞ்சு வரியும் எழுத்து மாறாமல் இருந்தது. அதற்கடியில் சுசித்ரா என்று பேர். மாதவராஜ் முதல் ஆளாகக் கைதட்டுகிற பொம்மையைப் போட்டிருந்தான்.

வீரமணி அதைக் கேட்டுவிட்டு, உன் பேரைப் போடச் சொல்லியிருக்கலாமே என்றார்.

"என் பேரு கெடக்குதுங்க. அஞ்சாவது வரிய வெட்டாம போட்டாளே, அது போதும்," என்றாள் பானுமதி.

சின்னன் டீயை அவளிடம் நீட்டினான். "நியூட்ரல்னு நீங்க சொன்னப்ப எனக்கு உசிரே போச்சுக்கா."

"போற உசிரு நேத்தே போயிருக்கணும். இனிமே கணவாய்ல கியர எடுத்தன்னு கேள்விப்பட்டேன், அந்த லைசென்ஸ நானே புடுங்கி அடுப்புல வெச்சிருவேன். அவளாவது கண்ணாடிய எறக்கிக் குடுத்தா, நான் அதுவும் குடுக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். சிரித்தால் மணிக்கட்டு வலித்தது, ஆனாலும் சிரித்தான். பானுமதி மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அடுத்த லாரிக்குக் கட்டை எடுக்க எழுந்தாள்.

கதை அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வூட்டிலிருந்து ரோட்டுக்குப் போகிற ஒவ்வொருத்தரும் பொழுது சாய்வதற்குள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றட்டும். உங்க வூட்டு ஆளுங்ககிட்டப் பேசுகிறவர்கள் கண்ணாடியை முழுசாக இறக்கிப் பேசட்டும். உங்க அடுப்பு அணையாமல், பிள்ளைகள் வாய்நிறையச் சோறும் கைநிறைய வேலையுமாக, எல்லாரும் நல்லா இருங்க.